முப்பது சதவீத ஹைக்: எதன் மேல் முப்பது?

ஊதிய நிர்ணயம் என் வேலை. ஆஃபர் லெட்டர் தயாரிக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் என்பதால் தெரிந்தவர்கள் அனுப்பும் ஆஃபர்களையும் பார்த்துச் சொல்கிறேன். "முப்பது பர்சென்ட் ஹைக் சார், போகலாம்தானே?" என்ற கேள்வி இந்த மாதமும் வந்தது. கேட்டவர் ஐந்து ஆண்டுக்குள் மூன்று நிறுவனம் மாறியவர். இது நான்காவது. எதன் மேல் முப்பது என்று கேட்டேன். அவருக்குப் பதில் தெரியவில்லை. வருகிறவர்களில் பலருக்கும் தெரிவதில்லை.

அவருடைய மாதச் சம்பளத்தின் ஆண்டுக் கூட்டுத்தொகையை 100 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு முடிவில் போனஸ் 12. நிறுவனம் கொடுத்த பங்குகளில் 16 மதிப்புள்ளவை இன்னும் ஐந்து மாதத்தில் அவர் கைக்கு வரும். இன்க்ரிமென்ட் இரண்டு மாதம் தள்ளி. அங்கே வழக்கமாகக் கிடைப்பது 9 சதவீதம்.

புது ஆஃபரில் மொத்தம் 130. அதில் நிலையான சம்பளம் 112, வேரியபிள் 10, ஜாயினிங் போனஸ் 8. ஓராண்டுக்குள் விலகினால் அந்த 8-ஐத் திருப்பிக் கட்ட வேண்டும். அந்த வரி லெட்டரின் மூன்றாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது.

முப்பது சதவீதம் எப்படி வந்தது என்று இப்போது புரிந்திருக்கும். அவர்களுடைய மொத்தத்தை எடுத்து, தன்னுடைய வெறும் சம்பளத்தோடு ஒப்பிட்டிருக்கிறார். மொத்தத்துக்கு மொத்தம் வைத்தால் இங்கேயே 128 வருகிறது.

சரி, அடுத்த பன்னிரண்டு மாதத்தைக் கணக்குப் போட்டோம். இங்கேயே இருந்தால் இரண்டு மாதம் பழைய சம்பளம், பத்து மாதம் 109 என்ற விகிதத்தில் புதுச் சம்பளம். அது சுமார் 107 வரும். போனஸையும் பங்கையும் சேர்த்தால் 135. போனால், வேரியபிள் முழுசாகக் கிடைக்கும் என்று தாராளமாக வைத்தாலும் 130 தான். இரண்டாம் ஆண்டில் இங்கே அந்தப் பங்கும் அங்கே ஜாயினிங் போனஸும் இல்லாமல் இரண்டு பக்கமும் 130-ஐ ஒட்டியே வருகிறது. அங்கே இதற்கு மேல் போகாததற்குக் காரணம், புது இடத்தில் இவர் அப்ரைசல் கணக்கெடுக்கும் தேதிக்குப் பிறகு சேர்கிறார். முதல் இன்க்ரிமென்ட் பதினான்கு மாதம் கழித்துத்தான். லெட்டரில் இது எழுதியிருக்காது. நாங்களாகச் சொல்லவும் மாட்டோம். கேட்டால் மட்டும் சொல்வோம்.

ஆக, முப்பது சதவீதம் என்று நம்பிப் போயிருந்தால் கையில் மிஞ்சியிருப்பது புது அடையாள அட்டை.

இதைப் படித்துவிட்டு "மாறவே கூடாது என்கிறார்" என்று முடிவு கட்டாதீர்கள். வேலையின் முதல் பத்தாண்டில் மாறுவது லாபம்தான். டோப்பல், வார்டு என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1992-ல் அமெரிக்க இளைஞர்களின் வேலை வரலாற்றை ஆராய்ந்தார்கள். அந்த முதல் பத்தாண்டில் ஊதியம் உயர்ந்ததில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு வேலை மாறும்போது வந்தது என்று கண்டார்கள். என் மேசையில் பார்ப்பதும் அதுதான். குறைவான சம்பளத்தில் சேர்ந்தவரை அதே நிறுவனம் தானாக மேலே இழுத்துவிடாது. பதவி உயர்வின்போதுகூடப் பல இடங்களில் பழைய சம்பளத்தின் மேல் இத்தனை சதவீதம்தான் என்ற உச்சவரம்பு உண்டு. வெளியிலிருந்து வருகிறவருக்கு அந்த வரம்பு கிடையாது. அவருக்குச் சந்தை விலை.

எனக்கு எரிச்சல் தருவது "ஒவ்வொரு தடவையும் 25 சதவீதம், அப்படியே பெருக்கிக்கொண்டே போகலாம்" என்ற நம்பிக்கை. காகிதத்தில் அந்தக் கணக்கு அழகாக வரும். நிஜத்தில் ஒவ்வொரு கிரேடுக்கும் ஒரு கீழ் எல்லை, ஒரு மேல் எல்லை இருக்கிறது. இவருடைய கிரேடுக்குப் பொதுவாக 90 முதல் 140 வரை கொடுப்பார்கள் என்று வையுங்கள். புது இடத்தில் இரண்டாம் ஆண்டு இவர் 122-ல் நிற்பார். அடுத்த தாவலில் 25 சதவீதம் கேட்டால் 152. அதே கிரேடில் அந்தத் தொகையை யாரும் கொடுக்க முடியாது; எங்கள் சாஃப்ட்வேரே ஏற்காது. அடுத்த கிரேடில் எடுக்கலாமா என்று பார்த்தால், அங்கே நேர்காணலில் கேட்கிற கேள்வியே வேறு. நீங்கள் எடுத்த ஒரு முடிவு ஒன்றரை ஆண்டு கழித்து என்ன ஆனது, எங்கே சொதப்பியது, எப்படிச் சரிசெய்தீர்கள்? பதினைந்து மாதத்துக்கு ஒரு தடவை கிளம்பியவரிடம் இதற்குப் பதில் இருக்காது. அவர் முடிவெடுத்திருப்பார், விளைவைப் பார்த்தவர் அவருக்கு அடுத்து வந்தவர். நான்கு தடவை மாறியும் அதே கிரேடில் இருந்தால், ஏறியது சம்பளம் மட்டும்தான். அதுவும் கூரையில் முட்டப் போகிறது.

ரிஸ்க் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாத்யூ பிட்வெல் என்ற ஆய்வாளர் 2011-ல் ஒரு முதலீட்டு வங்கியின் தரவை வைத்து ஆராய்ந்தார். வெளியிலிருந்து எடுக்கப்பட்டவர்களுக்கு, உள்ளிருந்து அதே பதவிக்கு உயர்ந்தவர்களைவிடச் சுமார் 18 சதவீதம் அதிகச் சம்பளம். ஆனால் முதல் இரண்டு ஆண்டும் அவர்களுடைய அப்ரைசல் மதிப்பீடு குறைவு, வெளியேற்றப்படும் வாய்ப்பு அதிகம். அதிகச் சம்பளம், குறைந்த மதிப்பீடு, புது ஆள். ஆட்குறைப்புப் பட்டியல் போடுகிறவன் கண்ணில் முதலில் படுவது இந்த மூன்றும் சேர்ந்த பெயர்தான். 25 சதவீத உயர்வு வாங்கியவர் ஆறு மாதம் வேலையில்லாமல் இருந்தால், அந்த உயர்வால் இரண்டு ஆண்டில் சேர்த்தது அத்தனையும் போய்விடும்.

ஒரே இடத்தில் இருப்பவர்களும் நிம்மதியாகச் சாய்ந்துகொள்ள வேண்டாம். பென்சில்வேனியா மாநிலத்தில் 1980-களில் நொடித்த நிறுவனங்களிலிருந்து வேலை இழந்த நீண்டகால ஊழியர்களைப் பற்றி 1993-ல் ஓர் ஆய்வு வந்தது. ஆண்டுகள் பல கழிந்த பிறகும் அவர்களுடைய வருமானம் சராசரியாக 25 சதவீதம் குறைவாகவே இருந்தது. ஒரு நிறுவனத்தின் உள்வழக்கமும் அதன் சொந்த சாஃப்ட்வேரும் மட்டுமே தெரிந்தவருக்கு வெளியே விலை குறைவு. உங்கள் வேலையைப் பற்றி உங்கள் நிறுவனத்துப் பெயர்ச்சொற்கள் இல்லாமல் ஐந்து நிமிடம் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் அந்த ஆபத்து உங்களுக்கு வந்துவிட்டது.

ஆஃபர் வந்தால் உடனே சம்மதம் சொல்லாதீர்கள், தயவுசெய்து. விட்டுவிட்டுப் போகிற போனஸையும் பங்கையும் எழுதி, ஈடு கேளுங்கள். எங்களில் பலரிடம் அதற்கென்றே தனி ஒதுக்கீடு இருக்கும், கேட்காதவருக்குக் கொடுக்க மாட்டோம். முதல் இன்க்ரிமென்ட் எந்த மாதம் என்று கேட்டு மின்னஞ்சலில் வாங்குங்கள். எந்த கிரேடு, அந்த கிரேடின் மேல் எல்லைக்கு எவ்வளவு பக்கத்தில் சேர்கிறீர்கள் என்று கேளுங்கள். மழுப்பினால் எல்லைக்குப் பக்கத்தில்தான் சேர்கிறீர்கள் என்று அர்த்தம். கிரேடு ஏறாத மாற்றத்துக்கு, உள்ளே கிடைக்கவிருக்கும் இன்க்ரிமென்ட்டைக் கழித்த பிறகும் 15 சதவீதமாவது மிஞ்சாவிட்டால் நான் போக மாட்டேன்.

இருக்கிற இடத்திலேயே இருப்பவர்கள், உங்கள் வேலைக்கே உங்கள் நிறுவனம் வெளியே ஆள் தேடும் விளம்பரத்தைப் பாருங்கள். அதில் போட்டிருக்கும் குறைந்தபட்சத் தொகை உங்கள் சம்பளத்தைவிட அதிகமாக இருந்தால், அதை எடுத்துக்கொண்டு அப்ரைசலுக்கு மூன்று மாதம் முன்பே மேலாளரிடம் பேசுங்கள். அப்ரைசல் நாளன்று பேசிப் பயனில்லை. அதற்குள் பட்ஜெட்டைப் பிரித்து முடித்திருப்போம்.

கேட்டவர் என்ன செய்தார் என்றால், விட்டுப்போகும் 16-க்கு ஈடு கேட்டார். 12 கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். கிரேடை மட்டும் ஏற்ற மறுத்துவிட்டார்கள். பங்கு கைக்கு வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று இப்போதைக்கு அங்கேயே இருக்கிறார்.