சராசரிக்குக் கீழே இருக்கும் எண்

ஒரு மாவட்டத்தின் சராசரி உயரம் என்ன, போன மாதம் அங்கே சராசரியாக எவ்வளவு மழை பெய்தது என்று கேட்டால், கணினி சில நொடிகளில் விடை சொல்லிவிடும். அதற்கு இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று ராஸ்டர்: நிலப்பரப்பைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் உயரத்தையோ மழையளவையோ எழுதி வைத்த கோப்பு. இன்னொன்று பாலிகன்: மாவட்டத்தின் எல்லைக்கோடு. எல்லையை ராஸ்டரின் மேல் வைத்து, உள்ளே விழும் கட்டங்களின் மதிப்புகளைக் கூட்டி, கட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி. இதைத்தான் ஸோனல் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்கிறார்கள்.

கூட்டுவதில் எந்த மென்பொருளும் தவறுவதில்லை. வம்பு வகுக்கும் எண்ணில்தான் இருக்கிறது. எல்லைக்கோடு பல கட்டங்களை நடுவில் வெட்டிக்கொண்டு போகும். பாதி உள்ளே, பாதி வெளியே கிடக்கும் கட்டத்தை உள்ளே என்று எண்ணுவதா, வேண்டாமா?

மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. கட்டத்தின் மையப்புள்ளி எல்லைக்குள் இருந்தால் மட்டும் சேர்ப்பது முதல் வழி. எல்லை தொட்ட கட்டங்கள் அத்தனையையும் சேர்ப்பது இரண்டாவது. கட்டத்தில் எத்தனை பங்கு உள்ளே இருக்கிறதோ அந்தப் பங்குக்கு மட்டும் எடை கொடுப்பது மூன்றாவது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். சிர்ப்ஸ் என்ற மழைத் தரவை எடுத்துக்கொள்வோம். 1981 முதல் கிடைக்கும் இதில் ஒரு கட்டத்தின் பக்கம் 0.05 பாகை. நிலநடுக்கோட்டருகே அது சுமார் 5.5 கிலோமீட்டர், பரப்பு ஏறத்தாழ 30 சதுர கிலோமீட்டர். நம்முடைய சின்ன நிர்வாகப் பகுதி நான்கு கட்டங்களைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் கட்டத்தில் 90 விழுக்காடு உள்ளே, மழை 40 மில்லிமீட்டர். இரண்டாவதில் 40 விழுக்காடு, மழை 60. மூன்றாவதில் 30 விழுக்காடு, மழை 80. நான்காவதில் வெறும் 10 விழுக்காடு, மழை 120. மையப்புள்ளி உள்ளே இருப்பது முதல் கட்டத்துக்கு மட்டும்.

மைய வழியில் விடை 40. தொட்டதையெல்லாம் சேர்த்தால் 300-ஐ நான்கால் வகுத்து 75. பங்கு வழியில் 36, 24, 24, 12 என்று கூட்டி 96. வகுக்கும் எண் 0.9, 0.4, 0.3, 0.1 சேர்ந்த 1.7, விடை 56.5. ஒரே மழை, ஒரே எல்லை, ஆனால் விடைகள் 40, 75, 56.5. இதில் நான் நம்புவது மூன்றாவதை மட்டுமே. நான்காவது கட்டத்தின் ஓரத்தை உரசிவிட்டதற்காக அதன் 120 மில்லிமீட்டரை முழுசாகச் சேர்ப்பது நியாயமில்லை.

இதே பகுதிக்குச் சராசரி உயரம் கேட்டால் இந்தச் சிக்கல் காணாமல் போய்விடும். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பறந்து ரேடாரால் அளந்த எஸ்ஆர்டிஎம் தரவில் ஒரு கட்டம் சுமார் 30 மீட்டர். நம் பகுதி 1.7 மழைக் கட்டம், அதாவது சுமார் 51 சதுர கிலோமீட்டர்; அதற்குள் அப்படிப்பட்ட கட்டங்கள் ஏறத்தாழ 57 ஆயிரம் இருக்கும். எல்லைக்கோடு வெட்டுவது ஆயிரத்துச் சொச்சத்தை மட்டுமே. எந்த வழியில் எண்ணினாலும் விடை பெரிதாக மாறாது. ஆகவே எந்த வழி என்று கவலைப்பட வேண்டியது, கட்டத்தோடு ஒப்பிடும்போது பாலிகன் சிறியதாக இருக்கும்போதுதான்.

மென்பொருள்கள் இந்த மூன்றில் எதை எடுக்கின்றன? பைத்தானின் ராஸ்டர்ஸ்டாட்ஸ் மைய வழியில் போகும். `all_touched=True` என்று கொடுத்தால் இரண்டாவது வழிக்கு மாறும். எக்ஸாக்ட்எக்ஸ்ட்ராக்ட் பங்கு வழி.

```python
from exactextract import exact_extract
exact_extract("rain.tif", "areas.geojson",
              ["mean", "count", "min"])
```

கியூஜிஐஎஸ் செய்வது கொஞ்சம் வேடிக்கை. அது மைய வழியில் தொடங்கும். உள்ளே சிக்கிய கட்டம் ஒன்றோ அதற்கும் குறைவோ என்றால், அந்தப் பாலிகனுக்கு மட்டும் சத்தமில்லாமல் பங்கு வழிக்கு மாறிவிடும். நம் பகுதிக்கு அது 56.5 தரும். பக்கத்துப் பகுதியில் இரண்டு மையப்புள்ளிகள் விழுந்திருந்தால் அதற்கு மைய வழி விடையைத் தரும். ஒரே அட்டவணையில் அடுத்தடுத்த இரண்டு வரிகள், இரண்டு வெவ்வேறு கணக்குகள்! கண்டுபிடிப்பது சுலபம்: எத்தனை கட்டங்கள் எண்ணப்பட்டன என்று சொல்லும் `count` நெடுவரிசையில் ஒரு வரியில் 1.7, இன்னொரு வரியில் 2 என்று தசமமும் முழு எண்ணும் கலந்திருக்கும். இதைத் தவிர்க்க ஒரு குறுக்கு வழி உண்டு. ராஸ்டரின் ஒவ்வொரு கட்டத்தையும் பத்துக்குப் பத்தாக உடைத்து, எல்லாத் துண்டுக்கும் அதே மதிப்பைக் கொடுத்துவிட்டால், மைய வழியே பங்கு வழிக்குக் கிட்டத்தட்ட சமமான விடையைத் தரும். இதனால் மழையைப் பற்றி நமக்குப் புதிதாக ஒன்றும் தெரிந்துவிடாது. எல்லை ஒழுங்காக வெட்டப்படும், அவ்வளவுதான்.

சரி, ஓரக் கட்டங்கள் போகட்டும். நட்டநடுவில் இருந்தும் எண்ணக்கூடாத கட்டங்கள் உண்டு. செங்குத்தான மலைகளில் எஸ்ஆர்டிஎம்மின் ரேடார் அலை படாத சரிவுகளுக்கு மூலத் தரவில் உயரம் இல்லை. அங்கே -32768 என்று எழுதியிருப்பார்கள். அது உயரம் இல்லை, "தரவு இல்லை" என்பதற்கான அடையாளம். கோப்பைப் பலமுறை மாற்றி மாற்றிச் சேமிக்கையில் அந்தக் குறிப்பு தொலைந்துபோனால், மென்பொருள் அதையும் உயரம் என்று நம்பிக் கூட்டிவிடும். உண்மையான சராசரி 400 மீட்டர் என்றால், 57 ஆயிரத்தில் நூறு கட்டங்கள் இப்படி இருந்தாலே விடை 342-க்கு இறங்கிவிடும். 342 மீட்டர் யாருக்கும் சந்தேகம் தராத எண் என்பதுதான் இதில் மோசம். நானும் ஒருமுறை இப்படி ஏமாந்திருக்கிறேன். சராசரியான `mean` மட்டும் கேட்காமல், மிகக் குறைந்த மதிப்பைச் சொல்லும் `min`-உம் கேட்டிருந்தால் -32768 அங்கேயே பல்லைக் காட்டியிருக்கும்.

மழையில் இது தலைகீழாக நடக்கும். யாரோ ஒருவர் பூச்சியத்தைத் "தரவு இல்லை" என்று குறித்துவிடுவார். மழையே பெய்யாத இரண்டு கட்டமும் 30 மில்லிமீட்டர் பெய்த இரண்டு கட்டமும் சேர்ந்தால் சராசரி 15. பூச்சியங்கள் விலகிவிட்டால் 30. இங்கே `min` உதவாது. எல்லாம் ஒழுங்காகத் தெரியும். `count` மாதத்துக்கு மாதம் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். எல்லையும் கட்டங்களும் மாறவில்லை என்றால் அந்த எண்ணும் மாறக்கூடாது. வறண்ட மாதங்களில் மட்டும் அது குறைந்தால் எங்கே தவறு என்று தெரிந்துவிடும்.

சின்னப் பகுதிகளின் சராசரிகளை வைத்து மாவட்டச் சராசரி போடும்போதும் இதே எண் வேண்டும். நம் பகுதிக்கு 56.5, அதன் எண்ணிக்கை 1.7. பக்கத்துப் பகுதி பெரியது: சராசரி 100, எண்ணிக்கை 8.3. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 78 வரும். அது தவறு. 96-ஐயும் 830-ஐயும் கூட்டிப் பத்தால் வகுத்தால் 92.6, அதுதான் இரண்டும் சேர்ந்த நிலத்தின் சராசரி.

இந்தக் கணக்கிலும் கட்டங்கள் எல்லாம் ஒரே பரப்பு என்ற அனுமானம் ஒளிந்திருக்கிறது. பாகையில் வெட்டிய கட்டங்கள் துருவத்தை நோக்கிப் போகப் போக ஒடுங்கும். 60 பாகை அட்சரேகையில் ஒரு கட்டத்தின் பரப்பு நிலநடுக்கோட்டில் இருப்பதில் பாதிதான். ஒரு மாவட்டத்துக்குள் இந்த வித்தியாசம் தெரியாது. வடக்கு தெற்காகப் பல பாகைகள் நீண்டு கிடக்கும் நாட்டுக்குச் சராசரி எடுக்கும்போது ஒவ்வொரு கட்டத்தையும் அதன் பரப்பால் பெருக்கியாக வேண்டும்; இல்லாவிட்டால் துருவத்துப் பக்கத்து மழை தன் பங்குக்கு மேல் பேசும்.