மூன்றால் வகுத்த கணக்கு

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளை. புது வயரிங் போட்டு எட்டு மாதம் ஆகிறது. "ஏனுங்க தம்பி, காலையில மோட்டார் போட்டா சமையல்கட்டு லைட்டு மங்குதுங்க, எம்.சி.பி.யும் விழுகல"ன்னு பெரியவர் கூப்பிட்டிருந்தார். எம்.சி.பி. என்பது கரண்ட் அளவு மீறினால் தானாக விழுகிற சுவிட்ச். வயரிங் செய்த பையன் லோடு கணக்குச் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்ததால் என் வேலை பாதி குறைந்தது.

சீட்டில் லைட், ஃபேன் 600 வாட், ஃபிரிட்ஜ் 200, டிவி 100, மிக்ஸி 750, கிரைண்டர் 150, இண்டக்ஷன் 2000, கீசர் 2000, ஏசி 1600, வாஷிங் மெஷின் 500, அயர்ன் பாக்ஸ் 1000, ஒரு எச்.பி. மோட்டார் 746 என்று இருந்தது. கூட்டினால் 9646. மும்முனை இணைப்பு என்பதால் மூன்றால் வகுத்து, 230-ஆலும் வகுத்து, ஒரு ஃபேஸுக்கு 14 ஆம்பியர் என்று முடித்திருந்தார். மீட்டரிலிருந்து, வீட்டு லைன்கள் பிரிகிற பெட்டியான டி.பி.க்கு 4 ஸ்கொயர், அதாவது 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 32 ஆம்பியர் எம்.சி.பி.

கூட்டல் சரிதான். மோட்டாரில்தான் ஒரு சின்ன இடறல். 746 வாட் என்பது மோட்டாரின் தண்டில் கிடைக்கிற சக்தி, அது இழுக்கிற கரண்ட் அல்ல. அந்த மோட்டாரின் பெயர்த் தகட்டில் 7.5 ஆம்பியர் என்று போட்டிருந்தது. 746-ஐ 230-ஆல் வகுத்தால் மூன்றே கால்தான் வரும். மோட்டார் என்றால் நான் எச்.பி.யைப் பார்ப்பதில்லை, தகட்டைத்தான் பார்ப்பேன்.

பெரிய தப்பு அந்த மூன்றால் வகுத்தலில் இருந்தது. லோடு மூன்று ஃபேஸிலும் சமமாக உட்கார்ந்தால்தான் அந்தக் கணக்கு நிற்கும். இங்கே சமையல்கட்டும் குளியலறையும் அடுத்தடுத்து இருப்பதால் இண்டக்ஷன், கீசர், மிக்ஸி, ஃபிரிட்ஜ் எல்லாமே ஆர், ஒய், பி என்ற மூன்று ஃபேஸில் ஆர் ஃபேஸில் மட்டும். மோட்டார் சுவிட்ச் சமையல்கட்டுச் சுவரில், அதுவும் ஆர். காலை ஆறரைக்கு இவை எல்லாம் ஒன்றாக ஓடுகின்றன. 4950 வாட்டுக்கு இருபத்தொன்றரை ஆம்பியர், மோட்டாருக்கு ஏழரை, ஆக 29.

காலையில் ஓடுகிற இவை எல்லாவற்றையும் போடச் சொல்லி, வயரைக் கவ்விக் கரண்டை அளக்கிற டாங் டெஸ்டரை மாட்டினேன். ஆரில் 28, மற்ற இரண்டில் 2, 3. நியூட்ரலில் 25-க்கு மேல். மும்முனை என்றால் நியூட்ரல் சும்மா கிடக்கும் என்று நினைப்பவர்கள் ஒருமுறை இதைப் பார்க்க வேண்டும். மீட்டர் பக்கம் 224 வோல்ட், டி.பி.யில் 208. லைட் மங்கியதற்கு இதுதான் காரணம்.

அந்த 16 வோல்ட் எங்கே போனது? மீட்டர் கம்பத்திலிருந்து சாளைக்கு 60 மீட்டர். 4 ஸ்கொயர் மெல்லிழை வயருக்கு ஒரு கிலோமீட்டருக்கு 4.95 ஓம் என்றால் 60 மீட்டருக்கு சுமார் 0.3 ஓம். ஃபேஸில் 28 ஆம்பியர் போகையில் எட்டே கால், நியூட்ரலில் ஏழரை. கூட்டிப் பாருங்கள். டவுனில் பத்து மீட்டர் வயரென்றால் இது கண்ணுக்கே தெரிந்திருக்காது.

அப்புறம் அந்த எம்.சி.பி. குழாய்க்குள் போகும் 4 ஸ்கொயர் சுமார் 25 ஆம்பியர்தான் தாங்கும். 28 ஓடினாலும் 32 எம்.சி.பி. அசையாது, வயர்தான் சூடாகும். டி.பி.யில் நியூட்ரல் முனையோரம் உறை லேசாகப் பழுப்பேறி இருந்தது. ஓடுகிற கரண்டைவிட எம்.சி.பி. பெரிசாக இருக்க வேண்டும், எம்.சி.பி.யைவிட வயரின் தாங்கும் அளவு பெரிசாக இருக்க வேண்டும். இந்த வரிசை இங்கே தலைகீழாகிக் கிடந்தது.

நல்லவேளை, கீசருக்கும் மோட்டாருக்கும் டி.பி.யிலிருந்து தனித்தனி வயர் போயிருந்தது. கீசரை ஒய் ஃபேஸுக்கும், மோட்டாரை பி-க்கும் மாற்றினோம். ஏசி, வாஷிங் மெஷினும் பி-யில்தான். எல்லாம் சேர்ந்து ஓடினாலும் எந்த ஃபேஸும் 17-ஐத் தாண்டாது. எம்.சி.பி.யை 20-க்கு இறக்கினோம், பழுத்த முனையை வெட்டிப் புதிதாக முறுக்கினோம். மறுநாள் காலை டி.பி.யில் ஆர் ஃபேஸ் 218 காட்டியது.

"அப்ப வயரை மாத்த வேண்டாமுங்களா?" என்றார் பெரியவர். இப்போதைக்கு வேண்டாம் என்றேன். புதிதாக இழுப்பதாக இருந்தால் அந்தத் தூரத்துக்கு 6 ஸ்கொயர்தான் போட்டிருப்பேன். மகன் அறைக்கு இன்னொரு ஏசி வாங்குகிற அன்று, ஏசிக்கு முன்னால் என்னைக் கூப்பிடச் சொல்லிவிட்டு வந்தேன்.