சூரை மீனை எப்படி எண்ணுவது?

ஜப்பானிய வகுப்புக்குப் புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர், பொருள்களை எண்ணும்போது எண்ணோடு ஒட்ட வேண்டிய சொற்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். பென்சிலுக்கு ஹொன், காகிதத்துக்கு மாய், பூனைக்கு ஹிக்கி என்று எங்கிருந்தோ இறக்கியது, பக்கம் பக்கமாகப் போகும். போன வாரமும் ஒருவர் வந்தார். "சார், சூரை மீனுக்கு ஒரு பட்டியல்ல ஹிக்கி, இன்னொண்ணுல ஹொன். எது தப்பு?"

ரெண்டுமே சரிதான். கடலில் நீந்தும்போது சூரை ஓர் உயிர், அதனால் ஹிக்கி. பிடிபட்டு டோக்கியோவின் தொயோசு சந்தையில் ஏலத்துக்குக் கிடக்கும்போது நீண்டு உருண்ட உடல், அதனால் ஹொன். எலும்பும் தோலும் நீக்கிச் செவ்வகப் பாளமாக நறுக்கினால் சகு. பாளத்திலிருந்து சீவிய துண்டு கிரே. அந்தத் துண்டு சோற்றின் மேல் ஏறி சூஷி ஆனதும் கன். மீனின் பெயர் மட்டும் கடைசிவரை மகுரோதான்.

ஆகவே, ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்று மனப்பாடம் செய்யாதீர்கள். அந்த நேரத்தில் அதை எப்படிப் பார்க்கிறோம் என்பதுதான் கணக்கு. நீளமாகப் பார்த்தால் ஹொன், மெல்லிய தட்டையாகப் பார்த்தால் மாய். சட்டை, தட்டு, டிக்கெட் எல்லாம் மாய். பேஸ்பாலில் அடிக்கும் ஹோம் ரன்னுக்கும் ஹொன்தான், பந்து நீளமாகப் பறக்கிறதே! ஹிக்கி சின்னப் பிராணிகளுக்கு; மாடு, யானைக்குத் தோ. (பட்டாம்பூச்சியையும் பூச்சியியலாளர்கள் தோ போட்டுத்தான் எண்ணுவார்கள். அதைப் பரீட்சையில் யாரும் கேட்கப் போவதில்லை, விடுங்கள்.)

'நாலு பேர் வந்தார்கள்' என்று மனிதருக்கு மட்டும் நாம் 'பேர்' சேர்க்கிறோம். ஜப்பானியத்தில் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் அப்படி ஒன்று வேண்டும், வெறும் எண் பெயர்ச்சொல்லோடு ஒட்டாது. ஒட்டும் சொல்லை மாற்றினால் மேசைக்கு வருவதும் மாறும். பீர் 'நிஹொன்' என்றால் இரண்டு பாட்டில், 'நிஹாய்' என்றால் இரண்டு கோப்பை.

மனிதர்களை மட்டும் தயவுசெய்து ஹிக்கியில் எண்ணாதீர்கள். 'குழந்தைகள் சம்பிக்கி' என்று வாடகை வீட்டுக்காரரிடம் சொன்னால், மூன்று குட்டி என்று அவர் காதில் விழும். மனிதருக்கு ஒருவர் ஹித்தோரி, இருவர் ஃபுதாரி, அப்புறம் மூவர் சன்னின்.

ஒலி மாறுவதற்குப் பயப்பட வேண்டாம். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஹொன்னில் எண்ணினால் இப்பொன், நிஹொன், சம்பொன். ஹிக்கியில் எண்ணினால் இப்பிக்கி, நிஹிக்கி, சம்பிக்கி. ஒன்றைப் பழகினால் மற்றது தானே வரும். மாய் பரம சாது, எந்த எண்ணோடும் மாறாது.

சொல் நினைவுக்கு வராமல் கடையில் திணறினால், ஒன்பது வரை பொருள்களைப் பொதுவாக எண்ணும் ஹித்தொட்சு, ஃபுதாட்சு வரிசை கைகொடுக்கும், கடைக்காரர் புரிந்துகொள்வார். எண்ணை மட்டும் பொருளுக்குப் பின்னால் வையுங்கள்: 'எம்பிட்சு ஓ சம்பொன் குதாசாய்', அதாவது பென்சில் மூன்று கொடுங்கள். 'சன் எம்பிட்சு' என்று இன்னொரு முறை என் வகுப்பில் கேட்டால் எழுந்து நிற்க வைப்பேன்.