10 வீதமும் 75 வீதமும்: எந்த செக்மென்ற்றைத் தனியக் காட்டோணும்?

ஒரு கம்பனி தன்ர தொழில் பகுதியளிண்ட, அதாவது செக்மென்ற்றுகளிண்ட, கணக்கைத் தனியக் காட்டோணும் எண்டு சொல்லுற இலங்கைக் கணக்கியல் நியமம்தான் எஸ்.எல்.எஃப்.ஆர்.எஸ் 8, அது எல்லாக் கம்பனிக்கும் இல்லை. பங்கோ கடன்பத்திரமோ பொதுச் சந்தையில விக்கிற, இல்லாட்டி விக்கிறதுக்கு ஆவணம் போட்டுக்கொண்டிருக்கிற கம்பனிக்குத்தான் கட்டாயம். ஸ்ரான்லி றோட்டில கடை வச்சிருக்கிறவருக்கு இது தேவைப்படாது. சோதினைக்குப் படிக்கிற பிள்ளையள் அனேகமா பிழைவிடுறது ஒரே இடத்திலதான், 10 வீதம் எண்டு தெரியும், ஆனா எதிண்ட 10 வீதம் எண்டு தெரியாது, அதாலதான் இதை ஒரு கணக்கோடயே சொல்லுறன்.

யாழ்ப்பாணத்தில தொழில் நடத்துற ஒரு லிஸ்ற்றட் கம்பனி எண்டு வையுங்கோ, கற்பனைக் கம்பனிதான். ஆறு செக்மென்ற்: கடலுணவு, ஐஸ் ஃபக்டறி, ஹோட்டல், பனம்பொருள், லொறி, உரம். மேலிடத்தில முடிவெடுக்கிறவர் இந்த ஆறிண்ட கணக்கையும் தனித்தனியாத்தான் மாதாமாதம் பாக்கிறார், அதாலதான் இது ஒவ்வொண்டும் செயற்பாட்டு செக்மென்ற் ஆகுது.

வெளியாக்களுக்கு வித்தது, மில்லியனில: கடலுணவு 400, ஐஸ் 20, ஹோட்டல் 84, பனம்பொருள் 84, லொறி 82, உரம் 80. மொத்தம் 750. இதுக்கு மேல ஐஸ் ஃபக்டறி எங்கட கடலுணவுப் பகுதிக்கே 100க்கு ஐஸ் குடுத்திருக்கு.

ஒரு செக்மென்ற்றைத் தனியக் காட்டோணுமோ எண்டு பாக்க மூண்டு 10 வீதச் சோதனை இருக்கு, முதல் சோதனை வருமானம். இதில உள்ளுக்க வித்ததையும் கூட்டோணும், செக்மென்ற்றிண்ட வருமானத்திலயும் மொத்தத்திலயும். மொத்தம் 850, அதில 10 வீதம் 85. கடலுணவு 400, ஐஸ் 120, ரெண்டும் பாஸ். 84இல நிக்கிற ஹோட்டலும் பனம்பொருளும் ஒரு மில்லியனால விழுகுது. உள்விற்பனையை விட்டிட்டு 750இல 10 வீதம், 75 எண்டு எடுத்தீங்கள் எண்டால் எல்லாம் தலைகீழாப் போகும், வெளிவிற்பனை 20 மட்டும் உள்ள ஐஸ் விழும், விழவேண்டிய நாலும் பாஸாகும்.

ரெண்டாவது லாபநட்டம், பிள்ளையள் மாக்ஸ் விடுறது இதிலதான் கூட. லாபம் வந்ததுகள் கடலுணவு 60, ஐஸ் 16, பனம்பொருள் 9, லொறி 8, உரம் 7, எல்லாம் 100. ஹோட்டல் நட்டம் 40. லாபத்தில நட்டத்தைக் கழிச்சு 60 எண்டு எடுக்கப்படாது. லாபக் கூட்டுத்தொகையையும் நட்டக் கூட்டுத்தொகையையும் வேற வேறயா வச்சு, அடையாளத்தைப் பாக்காமல், எது பெரிசோ அதில 10 வீதம். 100தான் பெரிசு, ஆகவே அளவு 10. ஹோட்டலிண்ட நட்டம் 40, அடையாளம் பாக்காததால அது பாஸ், பெரிய நட்டத்தை ஒளிச்சு வைக்க இடம் விடாமத்தான் இப்பிடி வச்சிருக்கு. கழிச்சு 60 எடுத்தவருக்கு அளவு 6 எண்டு வந்து, ஆறு செக்மென்ற்றும் பாஸாகிப்போகும், அப்பிடி வந்தாலே எங்கயோ பிழை எண்டு திரும்பிப் பாருங்கோ.

மூண்டாவது சொத்து. கடலுணவு 450, ஐஸ் 120, பனம்பொருளும் லொறியும் தலா 80, உரம் 70, ஹோட்டல் வாடகைக் கட்டடத்தில எண்டபடியா 60. மொத்தம் 860, அளவு 86, புதுசா ஒண்டும் வரேல்லை. மூண்டில ஒண்டு பாஸானாலே காணும், ஆகவே கடலுணவு, ஐஸ், ஹோட்டல் மூண்டும் தனியக் காட்டோணும்.

இதோட நிப்பாட்டிப்போட்டுப் போறாக்கள்தான் கனபேர், ஆனா 75 வீதச் சோதனை இன்னும் இருக்கு, தனியக் காட்டுற செக்மென்ற்றுகளிண்ட வெளிவிற்பனை கம்பனி வருமானத்தில 75 வீதமாவது வரோணும், இதில மட்டும் உள்விற்பனை வரவே கூடாது. மூண்டிண்டயும் வெளிவிற்பனை 400, 20, 84, சேர்த்து 504. கம்பனி வருமானம் 750, அதில 75 வீதம் 562.5. காணாது. ஐஸை 120 எண்டு போட்டால் 604 வந்து சரி மாதிரித் தெரியும், அது பிழை. இன்னொண்டைச் சேர்க்கோணும், 10 வீதம் தொடாட்டியும் பரவாயில்லை. பனம்பொருளைச் சேர்த்தால் 588, காணும். கட்டாயம் பெரிசைத்தான் சேர் எண்டு நியமம் சொல்லேல்லை, இந்தக் கணக்கில லொறியைச் சேர்த்தாலும் உரத்தைச் சேர்த்தாலும் தாண்டும், ஆனா விடையில ஏன் அதை எடுத்தனீங்கள் எண்டு ஒரு வசனம் எழுதுங்கோ. மிச்ச ரெண்டும் ‘ஏனைய செக்மென்ற்’ எண்டு ஒண்டாப் போகும், அந்த வருமானம் எதில இருந்து வந்தது எண்டும் சொல்லோணும்.

பனம்பொருள் இந்த வருசம்தான் புதுசாத் தனியக் காட்டுற செக்மென்ற் ஆனது எண்டால் போன வருசக் கணக்கிலயும் அதைப் பிரிச்சுக் காட்டோணும், தகவல் எடுக்கேலாமலும் எடுக்கிற செலவு மிச்சம் கூடவாயும் இருந்தால் மட்டும் விலக்கு.

இடைக்கால றிப்போட் கேள்வி வந்தால் எல்.கே.ஏ.எஸ் 34க்குப் போங்கோ. எஸ்.எல்.எஃப்.ஆர்.எஸ் 8க்குக் கட்டுப்பட்ட கம்பனி அதிலயும் செக்மென்ற் லாபநட்டம் காட்டோணும், அதைக் கம்பனியிண்ட வரிக்கு முந்தின லாபத்தோட இணக்கியும் காட்டோணும். வருமானம், முடிவெடுக்கிறவருக்குப் போற கணக்கில இருந்தால் வரும். சொத்து அப்பிடியில்லை, அது அவருக்கு ஒழுங்காப் போகவும் வேணும், போன வருசாந்த றிப்போட்டில இருந்து முக்கியமான மாற்றம் வந்திருக்கவும் வேணும், ரெண்டும் இருந்தால்தான் போடோணும். செக்மென்ற்றைப் பிரிக்கிற அடிப்படையை மாத்தினால், அந்தக் காலாண்டு றிப்போட்டிலயே சொல்லோணும், வருசக் கடைசி மட்டும் வச்சிருக்கேலாது.