இரண்டு வரி தப்பித்தல்

"ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொன்னால் சலிப்புத்தானே வர வேண்டும்? சில கவிதைகளில் மட்டும் ஏன் துக்கம் ஏறுகிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. 'கதவு' என்ற சொல்லை முப்பது தடவை விடாமல் சொல்லிப் பாருங்கள். பொருள் கழன்றுபோய் ஓசை மட்டும் மிஞ்சும். உளவியலாளர்கள் இதைப் 'பொருள் தெவிட்டல்' என்கிறார்கள்.

விடாமல் சொன்னால்தான் தெவிட்டும். விட்டு விட்டுச் சொன்னால் கதை வேறு. வில்லனெல் என்ற ஐரோப்பியப் பாவடிவம் அதைத்தான் செய்கிறது. மொத்தம் 19 வரிகள். முதல் வரி 6, 12, 18ஆம் இடங்களில் திரும்ப வரும். மூன்றாம் வரி 9, 15, 19ஆம் இடங்களில் வரும். கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்: 3, 6, 9, 12, 15, 18. ஒவ்வொரு முறையும் நடுவில் இரண்டே இரண்டு புதிய வரிகள். மனம் வேறு பக்கம் திரும்பும், இரண்டு வரி நகரும், உடனே பழைய இடத்துக்கே இழுபடும். மூன்றாவது முறைக்குள் அந்த இழுப்பை நாமே எதிர்பார்க்கத் தொடங்கிவிடுவோம். கடைசியில் 18க்கும் 19க்கும் நடுவே ஒரு வரிகூட இல்லை. அதுவரை தனித்தனியே வந்த இரண்டு பல்லவிகளும் அடுத்தடுத்து வந்து நிற்கும், தப்பிக்க இடமே இருக்காது. எனக்கு இந்த வடிவத்தில் மிகவும் பிடித்தது இந்தக் கணக்குதான்.

துக்கப்பட்ட மனமும் இப்படித்தான் ஒரே இடத்துக்குத் திரும்புகிறது. 1989 கலிபோர்னியா நிலநடுக்கத்துக்கு முன்பே உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்ஸெமா ஸ்டான்ஃபோர்டு மாணவர்களின் மனநிலையைக் கேட்டுப் பதிவு செய்திருந்தார். துயரத்தை அசைபோடும் பழக்கம் உள்ளவர்களிடம் ஏழு வாரம் கழித்தும் மனச்சோர்வு கூடுதலாக இருந்தது.

அமெரிக்கக் கவிஞர் எலிசபெத் பிஷப் 1976இல் வெளியிட்ட 'ஒன் ஆர்ட்' வில்லனெலை எடுத்துக்கொள்வோம். இழக்கும் கலை கைவருவது கடினமில்லை என்பது அதன் முதல் பல்லவி. முதலில் தொலைவது வீட்டுச் சாவி, பிறகு வீணாய்ப்போன ஒரு மணி நேரம். அங்கே அந்த வரி நல்ல யோசனையாகவே கேட்கிறது. பிறகு அம்மாவின் கைக்கடிகாரம், நேசித்த வீடுகள், இரண்டு நகரங்கள், ஒரு கண்டம். சொல் அப்படியே இருக்கிறது, ஆனால் நமக்கு நம்பிக்கை போய்விடுகிறது. இறுதியில் 'நீ'. அப்போது பல்லவிக்குள் ஒரு குட்டிச் சொல் நுழைகிறது: 'ரொம்பக்' கடினமில்லை. அடுத்த வரியில், அடைப்புக்குறிக்குள், தனக்கே ஒரு கட்டளை: "எழுது!" இடைவெளி தீர்ந்துபோன அதே இடத்தில்தான் குரலும் தடுக்குகிறது.

வடிவத்துக்குள் அடைத்தால் உணர்ச்சி செத்துவிடும் என்ற நம்பிக்கையை நான் ஏற்கவில்லை. இந்தக் கவிதையின் முதல் வரைவு கட்டில்லாத உரைநடைக் குறிப்பு. அதை இறுதி வடிவத்தோடு வைத்துப் படித்துப் பார்த்தால் தெரியும்.

எல்லா வில்லனெலும் இப்படி வாய்ப்பதில்லை. சோதிக்க ஒரு வழி: பல்லவி வரிகளைக் கையால் மறைத்துவிட்டு மற்றதைப் படியுங்கள். பிஷப்பிடம் சாவியிலிருந்து 'நீ' வரை இழப்பு பெரிதாகிக்கொண்டே போவது தெரியும். நடுவரிகளை எப்படி மாற்றி அடுக்கினாலும் ஒன்றுதான் என்று தோன்றினால், அங்கே பல்லவி 'கதவு'போலத் தெவிட்டிவிடும்.