ஐந்து இடம், நாற்பது பேர்: பார்லர் புக்கிங்கில் பிராட்காஸ்ட் எப்படி வேலை செய்கிறது

வாட்ஸ்அப் பிசினஸில் கேட்டலாக் இருக்கிறது, குயிக் ரிப்ளை இருக்கிறது, பிராட்காஸ்ட் லிஸ்ட் இருக்கிறது. ஞாயிறு மூன்றரை மணிக்கு நாற்காலி காலியாக இருக்கிறதா என்று மட்டும் அதற்குத் தெரியாது. ஒரே நேரத்தை இரண்டு பேருக்குக் கொடுத்தாலும் எந்த எச்சரிக்கையும் வராது. அதனால் புக்கிங் நோட்டுதான் கணக்கு. ஆப் அந்த நோட்டை நிரப்ப ஆள் கொண்டுவரும் வழி மட்டுமே. இந்த வரிசையை மாற்றி வைக்கும் பார்லர்களில்தான் குழப்பம் வருகிறது.

தண்டையார்பேட்டையில் இரண்டு நாற்காலி, இரண்டு பேர் வேலை செய்யும் ஒரு லேடீஸ் பார்லரை எடுத்துக்கொள்வோம். ஆடி முடிந்து ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கும் நேரத்து ஞாயிறு. கடை காலை 10 மணி முதல் மாலை 7 மணி வரை. முதல் நாற்காலியில் 10 முதல் 2 வரை ஸ்ட்ரெய்ட்டனிங் புக் ஆகியிருக்கிறது. இரண்டாவதில் காலையிலிருந்து மூன்று ஃபேஷியல். ஃபேஷியல் ஒரு மணி நேரம்தான் என்றாலும் துடைத்து, துண்டு மாற்றி, பில் போட கால் மணி ஆகும். ஆகவே ஒன்றுக்கு 75 நிமிடம். மூன்றும் 1:45-க்கு முடியும். ஆளுக்கு அரை மணி சாப்பாடு. சாயங்காலம் 5 முதல் 7 வரை த்ரெட்டிங்குக்கு நேரில் வருகிறவர்களுக்காக இரண்டாவது நாற்காலியை விட்டுவிட வேண்டும். மீதியைக் கூட்டினால் முதல் நாற்காலியில் 2:30, 3:45, 5:00. இரண்டாவதில் 2:15, 3:30. மொத்தம் ஐந்து இடம்.

இந்த ஐந்து இடத்தை நிரப்பத்தான் பிராட்காஸ்ட். ஒரு லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். நீங்கள் அனுப்பும் ஒரே செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனி சாட்டாகப் போகும். யார் யாருக்குப் போனது என்று அவர்களுக்குத் தெரியாது. பதிலும் உங்களுக்கு மட்டுமே வரும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: வாடிக்கையாளர் தன் போனில் உங்கள் நம்பரைச் சேவ் செய்திருந்தால்தான் செய்தி அவருக்குப் போய்ச் சேரும். நீங்கள் அவர் நம்பரைச் சேவ் செய்திருப்பது மட்டும் போதாது.

பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். கண்ணாடியில் ஒட்டிய கியூஆர் கோடை ஸ்கேன் செய்து வந்தவர் மூன்று மாதமாகச் சாட்டில் பேசிக்கொண்டிருப்பார். நம்பரைச் சேவ் செய்திருக்கவே மாட்டார். கியூஆர் சாட்டைத் திறக்கும், அவ்வளவுதான். கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அனுப்பிய பிராட்காஸ்ட் செய்தியை அழுத்திப் பிடித்து `Info` பாருங்கள். `Delivered to` பட்டியலில் இரண்டு நாள் ஆகியும் பெயர் வராதவருக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்புங்கள். அதற்கு இரண்டு டிக் வந்தால் போன் உயிரோடுதான் இருக்கிறது, உங்கள் நம்பர்தான் சேவ் ஆகவில்லை. அதற்கும் ஒரே டிக் நின்றால் போன் அணைந்திருக்கலாம், அல்லது அவர் உங்களை பிளாக் செய்திருக்கலாம். நம்பரைச் சேவ் செய்ய வைக்க நல்ல நேரம் பில் போடும் நேரம். “நம்பர சேவ் பண்ணிக்கோங்கக்கா, ஆஃபர் போட்டா அப்பத்தான் உங்களுக்கு வரும்” என்று காரணத்தோடு சொன்னால் கையில் இருக்கும் போனிலேயே செய்துவிடுவார்கள்.

இனி எத்தனை பேருக்கு அனுப்புவது என்ற கேள்வி. ஐந்து இடத்துக்கு 250 பேரை அழைத்தால் இல்லை என்று சொல்வதே அன்றைய வேலையாகிவிடும். இரண்டு முறை இல்லை என்று கேட்டவர் மூன்றாவது முறை கேட்கமாட்டார். 40 பேர் கொண்ட சின்ன லிஸ்டாகத் தொடங்குங்கள். வியாழன் மாலை முதல் லிஸ்ட். இடம் மிஞ்சினால் வெள்ளி மாலை அடுத்த லிஸ்ட். லிஸ்டை லேபிள் வழியாகப் பிரிப்பது எளிது: ‘ஃபேஷியல்’ என்று லேபிள் போட்டவர்களைத் திறந்து `Message customers` கொடுத்தால் அவர்களுக்கு மட்டும் போகும். ஃபேஷியல் இடத்துக்கு, வருடத்துக்கு ஒருமுறை ஹேர்கட் செய்கிறவரைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. லேபிள்கள் இருபதுதான் வைக்க முடியும். தேதிக்கு ஒரு லேபிள் என்று போட்டால் மாதம் முடிவதற்குள் தீர்ந்துவிடும்.

பதில்கள் வரும்போது ஒரு நுணுக்கம். சாட் பட்டியலில் கடைசியாக வந்த செய்திதான் மேலே நிற்கும். ஆகவே 6:10-க்கு “மூன்றரை குடுங்க” என்று கேட்டவர் கீழே தள்ளப்படுவார், 6:25-க்கு அதையே கேட்டவர் மேலே தெரிவார். மேலிருந்து பதில் சொல்லிக்கொண்டே வந்தால் முதலில் கேட்டவருக்கு இடம் இல்லாமல் போய்விடும். கீழிருந்து பார்ப்பதும் முழுத் தீர்வு இல்லை: பொறுமையிழந்து “அக்கா?” என்று இன்னொரு முறை அனுப்பியவர் மறுபடி மேலே ஏறியிருப்பார். சாட்டைத் திறந்து, நேரத்தைக் கேட்ட செய்தியின் மணியைப் பாருங்கள். நோட்டில் பெயரை எழுதிய பிறகுதான் உறுதி அனுப்ப வேண்டும். உதவியாளரும் லிங்க் செய்த இன்னொரு போனில் பதில் சொல்கிறார் என்றால், நோட்டு யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டுமே நேரம் கொடுக்கலாம்.

உறுதி செய்தியைக் குயிக் ரிப்ளையாக வைத்துக்கொள்ளலாம். சாட்டில் `/` போட்டு நீங்கள் வைத்த குறுக்குச்சொல்லை அடித்தால் முழு வாசகமும் வரும். ஆனால் அந்த வாசகம் மாறாதது. பெயரும் மணியும் தானாக நிரம்பாது. “உங்க டைம் ____ மணி” என்று நடுவில் கோடு விட்டு வைத்தால், அவசரத்தில் கோட்டோடேயே போய்விடும். மாற்ற வேண்டியதைக் கடைசியில் வையுங்கள்:

```
/ok
அப்பாயின்ட்மென்ட் போட்டாச்சு. 10 நிமிஷத்துக்கு மேல
லேட் ஆனா அடுத்தவங்களுக்குக் குடுத்துடுவோம்.
உங்க நாள், டைம்:
```

கர்சர் கடைசியில் நிற்கும். “ஞாயிறு 3:30” என்று அடித்து அனுப்ப வேண்டியதுதான். வாய்ஸ் நோட்டில் கேட்டவருக்கும் எழுத்திலேயே உறுதி அனுப்புங்கள். பின்னால் “நாலரைன்னுதானே சொன்னீங்க” என்று தகராறு வந்தால், குரல் பதிவுக்குள் சொன்னதைத் தேடல் பெட்டியில் தேட முடியாது; எழுத்தைத் தேடலாம்.

கேட்டலாக்கைப் பற்றி இரண்டு விஷயம் போதும். ஒன்று, சேவையின் பெயரிலேயே நேரத்தையும் எழுதுங்கள்: ‘ஃப்ரூட் ஃபேஷியல் – 1 மணி நேரம்’. வாடிக்கையாளர் அந்தப் பொருளைத் தொட்டுச் செய்தி அனுப்பும்போது பெயரும் கூடவே வரும். நோட்டில் எவ்வளவு இடம் அடைக்க வேண்டும் என்று உடனே தெரியும். இரண்டு, முடி நீளத்துக்கு ஏற்ப விலை மாறும் ஸ்ட்ரெய்ட்டனிங் போன்றவற்றுக்கு ஆரம்ப விலையைப் போட்டு, ‘முதல்’ என்பதை விளக்கத்தில் தெளிவாக எழுதாவிட்டால் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு சண்டை. விலைப் பெட்டியில் வெறும் எண்தான் தெரியும். கார்ட்டில் சேர்க்கும் வசதியை அணைத்துவிடலாம். கார்ட்டில் மூன்று சேவை போட்டு அனுப்பியவர் புக்கிங்கே ஆகிவிட்டதாக நினைத்து நேராக வந்து நிற்பார்.

ஐந்து இடமும் நிரம்பியதும் கேட்டு இடம் கிடைக்காதவர்களுக்கு ‘காத்திருப்பு’ என்று லேபிள் போடுங்கள். சனி இரவு ஒருவர் வரவில்லை என்று சொன்னால், மறுபடி பிராட்காஸ்ட் போட வேண்டாம். அந்த லேபிளைத் திறந்து, முதலில் கேட்டவருக்குத் தனியாக அனுப்பினால் போதும்: “நாளைக்கு மூன்றரை காலியாயிருக்குக்கா, ராத்திரி பத்து மணிக்குள்ள சொன்னா உங்களுக்கே வச்சிடறேன்.” கெடு சொல்லாமல் அனுப்பினால், அவர் விடியற்காலையில் பார்த்துச் சரி என்பார்; அதற்குள் அடுத்தவரிடம் பேசியிருப்பீர்கள்.