30 பாகையைச் சைன் அலைகளால் எழுதுவது எப்படி?

கொழும்பில் பகல் வேளையில் அறை வெப்பநிலை பெரும்பாலும் 30 பாகை செல்சியஸை ஒட்டியே இருக்கும். வெள்ளவத்தை வீடொன்றில் மேசைமேல் கிடக்கும் 30 சென்ரிமீற்றர் நீளச் செப்புக் கோலும் அதே சூட்டில்தான் இருக்கும். வெப்பம் பக்கவாட்டில் கசியாதபடி கோலைச் சுற்றி மூடிவிட்டு, இரு முனைகளையும் உருகும் பனிக்கட்டியில் புதைக்கிறோம். ஒரு நிமிடம் கழித்துக் கோலின் நடுப்பகுதி எத்தனை பாகையில் இருக்கும்?

கோலின் நீளம் L, ஒரு முனையிலிருந்து x தூரத்தில் t நேரத்தில் வெப்பநிலை u, வெப்பப் பரவல்தன்மை k என்போம். முனைகள் எப்போதும் 0 பாகையில் இருப்பதால், வெப்பச் சமன்பாட்டின் தீர்வு இப்படி அமைகிறது:

```
u(x,t) = Σ bₙ sin(nπx/L) e^(-k(nπ/L)² t)
```

கோல் 30 பாகையில் தொடங்கியது என்ற செய்தி இதில் இன்னும் இல்லை. அதைச் சுமக்க வேண்டியவை bₙ என்ற குணகங்கள். t = 0 என்று இட்டால் அடுக்குக்குறிப் பகுதி 1 ஆகிவிடும்; வெறும் சைன் அலைகளின் கூட்டுத்தொகை கோல் முழுவதும் 30 ஆக வேண்டும். முனைகளில் பூச்சியமாகும் வளைகோடுகளைக் கொண்டு ஒரு தட்டையான கோட்டைக் கட்டுவதா? 1807இல் ஃபூரியே இதை முன்வைத்தபோது லாக்ராஞ்சு போன்ற பெரும் கணிதவியலாளரே ஏற்கத் தயங்கினார்.

குணகத்தைப் பிரித்தெடுக்கும் வழி அழகானது. இருபக்கமும் sin(mπx/L) ஆல் பெருக்கி, 0 முதல் L வரை தொகையிடுங்கள். மற்ற அலைகள் எல்லாம் பூச்சியமாகிப் போக, m ஆவது அலை மட்டும் L/2 என்ற மதிப்போடு நிற்கும். நம் கோலுக்கு அதன் விளைவு:

```
bₙ = (2/L) ∫ 30 sin(nπx/L) dx = (60/nπ)(1 − cos nπ)
```

n இரட்டை எண்ணானால் இது பூச்சியம். ஒற்றை எண்ணானால் 120/nπ. 1 − cos nπ எப்போதும் 2 என்று எடுத்துக்கொள்வதுதான் இங்கே மாணவர்கள் அடிக்கடி விடும் பிழை. அதைக் கண்டுபிடிப்பது எளிது. கோலின் இடப்பாதியும் வலப்பாதியும் ஒரேமாதிரியானவை. இரட்டை எண் அலைகளோ ஒரு பாதியில் மேலும் மறுபாதியில் கீழும் போகின்றன. விடையில் அவை தென்பட்டால் கணக்கு எங்கோ தவறியிருக்கிறது.

முதல் குணகங்கள் 38.2, 12.7, 7.6. நடுப்பகுதியில் அலைகளின் குறி மாறி மாறி வருவதால், தொகை 38.2, 25.5, 33.1 என்று ஊசலாடியபடி 30ஐ நெருங்குகிறது. முனைகளருகே நிலைமை வேறு: எத்தனை அலைகளைச் சேர்த்தாலும் சுமார் 35.4 வரை எழும் ஒரு மேடு மறையாது, முனையை நோக்கி ஒடுங்க மட்டுமே செய்யும்.

நேரம் நகர்ந்ததும் அந்த மேடு கரைந்துவிடும். செப்பின் வெப்பப் பரவல்தன்மை வினாடிக்கு ஏறக்குறைய 1.1 சதுர சென்ரிமீற்றர். எனவே 60 வினாடியில் முதல் அலை 0.485 மடங்காகக் குறைகிறது. மூன்றாவது அலை அதைவிட 9 மடங்கு வேகத்தில் தேய்வதால், அதன் பங்கு 0.02 பாகைதான். நடுப்பகுதி 38.2 × 0.485, அதாவது சுமார் 18.5 பாகை, ஒரே அலை போதுமானதாக இருக்கிறது. முதல் வினாடியிலோ 15ஆவது அலைகூட ஏறத்தாழ 7 சதவீதம் மிஞ்சியிருக்கும், அங்கே பல அலைகளைக் கூட்டியே தீர வேண்டும்.

முனைகள் 5 பாகையில் வைக்கப்பட்டால் 30ஐ நேரடியாக விரிக்கக்கூடாது. 5ஐக் கழித்து 25ஐ விரித்து, கடைசியில் 5ஐச் சேர்க்க வேண்டும். அப்போது ஒரு நிமிடத்தில் நடுப்பகுதி சுமார் 20.4 பாகையில் இருக்கும்.